தைராய்டும் மாதவிலக்கும்: எனக்கு ஒன்பது நாள், அக்காவுக்கு இரண்டு நாள்

கேள்வி: என் வயது 29, எடை 54 கிலோ. திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் கரு தங்கவில்லை. 40, 45 நாளைக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வருகிறது. வந்தால் ஒன்பது நாள் கட்டி கட்டியாகப் போகிறது. ஹீமோகுளோபின் 8.6. டி.எஸ்.எச். 18 இருந்தது. ஐந்து மாதமாக 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் காலைக் காபிக்குப் பிறகு சேர்த்துச் சாப்பிடுகிறேன். இப்போது 11. புரோலாக்டின் 38. அக்காவுக்கு டி.எஸ்.எச். மிகக் குறைவு, படபடப்பு உண்டு, இளைத்துவிட்டார். அவருக்கு மாதவிலக்கு இரண்டே நாள், அதுவும் லேசாக. இருவருக்கும் ஒரே நோய்தானே?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, காலையில் இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடுவது. இரும்புச்சத்து குடலில் தைராய்டு மாத்திரையின் மருந்தான தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காபியும் அது உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே நீங்கள் விழுங்கும் 50 மைக்ரோகிராமில் ஒரு பகுதி ரத்தத்துக்குப் போகவே இல்லை. நாளை முதல் எழுந்தவுடன் வெறும் வயிற்றில், தண்ணீரில் தைராய்டு மாத்திரையை மட்டும் போடுங்கள். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரையை மதிய உணவுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளிதான்.

இனி உதிரப்போக்குக்கு வருவோம். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; உங்களுக்கு அது கூடியிருப்பது தைராய்டு நீர் குறைவு என்பதைக் காட்டுகிறது. தைராய்டு நீர் குறையும்போது மூளை டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து சுரப்பியை விரட்டுகிறது. அதே டி.ஆர்.எச். பால் சுரக்க உதவும் புரோலாக்டினையும் கூட்டிவிடும். புரோலாக்டின் கூடினால் சினைப்பைக்குப் போகும் கட்டளைகள் தாறுமாறாகி, மாதாமாதம் முட்டை வெளிவருவது தவறுகிறது. முட்டை வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜென் மட்டும் கர்ப்பப்பையின் உட்படலத்தை வளர்த்துக்கொண்டே போகும். 40 நாளுக்கு மேல் தடித்த அந்தப் படலம் கடைசியில் சீரில்லாமல் உதிர்கிறது. ஒன்பது நாளும் கட்டிகளும் இதனால் வரலாம். கரு தங்காததற்கும் இதே காரணம் இருக்கலாம். தைராய்டு நீர் மிகவும் குறைந்தால் ரத்தம் உறையும் திறனும் சற்றுத் தளரும் என்பதால் போக்கு மேலும் கூடும்.

புரோலாக்டின் 38 என்பதைப் பார்த்துப் பயந்து அதற்குத் தனி மாத்திரையோ மூளை ஸ்கேனோ இப்போதே வேண்டாம். தைராய்டு சரியான பிறகு அதை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும்.

அளவையும் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். முழு அளவு தேவைப்படுவோருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. உங்கள் எடைக்கு ஏறக்குறைய 86 வருகிறது. நானாக இருந்தால் முதலில் சாப்பிடும் முறையை மாற்றி, ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்து, இன்னும் கூடுதலாகவே இருந்தால் 75க்கு ஏற்றுவேன். குழந்தைக்கு முயல்வதால் 2.5க்குக் கீழே கொண்டுவருவது நல்லது. மாதவிலக்கு சீராக அதற்குமேலும் இரண்டு மூன்று சுற்றுகள் ஆகலாம்.

ஆனால் எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் போட்டுவிடக் கூடாது. நார்க்கட்டியும் நீர்க்கட்டிகளும் இதேபோல் காட்டும் என்பதால் இப்போதே ஓர் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ தலைசுற்றி மூச்சு வாங்கினாலோ 8.6 ஹீமோகுளோபினோடு வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தீர்களா? எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளாகியும் மனைவியை மட்டுமே சோதிப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் வழக்கம்.

நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் கர்ப்பம் உறுதியானால் அன்றே மருத்துவரை அழையுங்கள். முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராக்சினையே பெரிதும் நம்பியிருப்பதால், வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்று கூட்டச் சொல்வார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

அக்காவுக்கு இருப்பது நேர் எதிரானது. டி.எஸ்.எச். மிகக் குறைவு என்றால் பெரும்பாலும் தைராய்டு நீர் மிகுதி என்றே பொருள். டி4, டி3 என்ற தைராய்டு ஹார்மோன்களின் அளவைப் பார்த்தால் உறுதியாகும். நீர் மிகும்போது பாலின ஹார்மோன்களைச் சுமக்கும் புரதம் ரத்தத்தில் கூடி, ஹார்மோன் சமநிலை மாறுகிறது. போக்கு குறைந்து, நாளும் சுருங்கும். சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். அவர் ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுபவராக இருந்தால் அளவு கூடிப்போனதா என்று முதலில் பாருங்கள்.

மாதவிலக்கு லேசாக இருப்பதால் கரு தங்காது என்று அவர் நினைத்துவிட வேண்டாம். இந்த நிலையிலும் பலருக்கு முட்டை வெளிவருகிறது; கட்டுப்படாத தைராய்டோடு கர்ப்பமானால் கருச்சிதைவு அபாயம் கூடும். தைராய்டு நீரைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கினால், அது முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், தைராய்டு கட்டுக்குள் வரும்வரை கருத்தடை முறையைப் பின்பற்றி, குழந்தைக்கு முயலும் முன்பே மருந்தை மாற்றுவது பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போனால் மாத்திரையைத் தானே நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.