கல்யாணத்துக்குப் பிறகு சர்நேம் மாறுகிறது: முதலில் பாஸ்போர்ட்டா, டிக்கெட்டா?

"தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் முருகேசன் இருக்கு. ஏப்ரல் கடைசியில் சிங்கப்பூர் போக அதே பெயரில் டிக்கெட் எடுத்தாச்சு, விசாவும் வந்தாச்சு. இப்போ சர்நேமைக் கணவர் பெயரான பிரபு என்று மாற்றப் போறேன். டிக்கெட்டை முதலில் மாற்றணுமா, பாஸ்போர்ட்டையா?" – கவிதா, வேளச்சேரி

இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள், கவிதா. பழைய பெயரிலேயே போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்து சாவகாசமாகப் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம். கல்யாணம் ஆனதால் மட்டும் பாஸ்போர்ட் செல்லாமல் போவதில்லை. விமான நிலைய வாசலிலும், ஏர்லைன்ஸ் கவுண்டரிலும், இமிகிரேஷனிலும் உங்கள் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டோடுதான் பெயரை ஒப்பிடுவார்கள். டிக்கெட்டில் MURUGESAN/KAVITHA, பாஸ்போர்ட்டிலும் அதுவே என்றால் கேள்வியே வராது. டிக்கெட்டில் மிஸ் என்று இருக்கிறதே, மிஸஸ் ஆக்க வேண்டுமா என்று பலர் பதறுவார்கள். பாஸ்போர்ட்டில் அந்த அடைமொழியே கிடையாது, விட்டுவிடுங்கள்.

இப்போது விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் மாற்றம் என்பது பழைய புத்தகத்தில் திருத்தி எழுதித் தருவதல்ல, மறுவெளியீடு. புது எண்ணோடு புதுப் புத்தகம் வரும். சாலிகிராமமோ, அமைந்தகரையோ, தாம்பரமோ, எந்த சேவா கேந்திராவுக்குப் போனாலும் விண்ணப்பத்தை ஏற்கும்போது பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து திருப்பிக் கொடுப்பார்கள். அதன் பிறகு புதியது தபாலில் வரும்வரை நீங்கள் வெளிநாடு போக முடியாது. பெயர் மாறுவதால் போலீஸ் சரிபார்ப்பும் வரலாம். அது எப்போது முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. போதாததற்கு, கையில் இருக்கும் சிங்கப்பூர் விசா பழைய பாஸ்போர்ட் எண்ணுக்குத் தரப்பட்டது. பெயரும் எண்ணும் மாறிவிட்டால் விசாவுக்கும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில்தான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் காலாவதியாக, சிங்கப்பூர் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம்கூட இல்லை என்றால், எப்படியும் மறுவெளியீடு செய்தாக வேண்டும். அப்போது பெயரையும் சேர்த்தே மாற்றிக்கொள்ளுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். திருமணச் சான்றிதழ் கையில் இருந்தால் வேலை எளிது என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவை முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு.

அந்த வழியில் போனால் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்ற வரிசை மாறக் கூடாது. புதுப் புத்தகம் கைக்கு வராமல் டிக்கெட்டில் பெயரை மாற்றினால், புத்தகம் தாமதமாகும்போது டிக்கெட் ஒரு பெயர், பாஸ்போர்ட் ஒரு பெயர் என்று நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏர்லைன்ஸிடம் கேட்கும்போது "பெயர் மாற்றம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். டிக்கெட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்து, முடியாது என்பார்கள். "அதே பயணி, கல்யாணத்தால் சர்நேம் மாறியிருக்கிறது" என்று சொல்லி, இரண்டு பாஸ்போர்ட்டின் நகலையும் திருமணச் சான்றிதழையும் அனுப்புங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துவதுபோல இது எளிதாக முடியாது. சில நிறுவனங்கள் டிக்கெட்டைப் புதிதாக வெளியிட்டுக் கட்டணம் கேட்கும். சில, ரத்து செய்து மறுபடி எடுக்கச் சொல்லும். என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் நீங்களாக ரத்து செய்துவிடாதீர்கள். ஏஜென்ட்டிடமோ டிராவல் தளத்திலோ எடுத்த டிக்கெட் என்றால் அவர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும்.

போகும்போது ஒரு விமானம், வரும்போது வேறு நிறுவனத்து விமானம் என்றால் யாரிடம் கேட்பது? 13 இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 098 என்றால் ஏர் இந்தியா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். டிக்கெட்டை வெளியிட்டவர் அவர்தான், அவரிடம் பேசுங்கள்.

"மாற்றிவிட்டோம் மேடம்" என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். சில சமயம் புக்கிங்கில் ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருப்பார்கள், டிக்கெட் பழைய பெயரிலேயே கிடக்கும். மறுபடி மின்னஞ்சலில் வரும் டிக்கெட்டில் PRABHU/KAVITHA என்று இருக்கிறதா, இரண்டு பயணத்துக்கும் அப்படித்தானா என்று பாருங்கள். முன்பே பணம் கட்டிய சீட்டும் கூடுதல் லக்கேஜும் புது டிக்கெட்டில் ஒட்டாமல் போவதுண்டு. அதையும் அதே போனில் கேட்டு முடித்துவிடுங்கள். வெப் செக்-இன் செய்த பிறகு பெயரைத் திருத்துவது இன்னும் தலைவலி.