காய்ச்சல் மாத்திரையோடு சளி மாத்திரையும் போடலாமா? கேள்வி பதில்

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். பெரியவர்கள் சாப்பிடும் பாரசிட்டமால் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதியவன்: மேடம், ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை வரை போடலாம்தானே?

எத்தனை மில்லிகிராம் மாத்திரை என்று சொல்லவில்லையே. 500 என்றால் எட்டு சேர்ந்தால் 4000. ஐம்பது கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள, வேறு நோயில்லாத பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கு உச்சவரம்பு அதுதான். 650 என்றால் எட்டு 5200 ஆகிவிடும், ஆறோடு நிறுத்த வேண்டும். ஒரு வேளைக்கு 1000ஐத் தாண்டக் கூடாது, அடுத்த வேளைக்கு நாலு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது, கடைசி 24 மணி நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நீலக்குடை: அக்கா, அம்மாவுக்கு மூணு நாளாகக் காய்ச்சல், சளி. 650 மாத்திரை நாலு வேளை, சளி மாத்திரை மூணு வேளை, ராத்திரி வெந்நீரில் கலக்கும் பொடி ஒன்று. காய்ச்சல் குறையவே இல்லை, டோஸைக் கூட்டலாமா? எடை 46 கிலோ. சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கூட்டாதீர்கள். இனி ஒரு வேளைகூடக் கொடுக்க வேண்டாம். முதலில் அந்தச் சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் பொடிப் பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்து, பாரசிட்டமால் அல்லது அசெட்டமினோஃபென் என்று இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒரே மருந்துதான்.

நீலக்குடை: சளி மாத்திரையில் 500, பொடியில் 1000 என்று போட்டிருக்கிறது. இதைக் கவனிக்கவே இல்லை.

அப்படியானால் கணக்கு இது. காய்ச்சல் மாத்திரையில் 2600, சளி மாத்திரையில் 1500, பொடியில் 1000. மொத்தம் ஒரு நாளைக்கு 5100 மில்லிகிராம். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு நாங்கள் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று போடுவோம், அம்மாவுக்கு அது ஏறக்குறைய 2750. அதாவது மூன்று நாளாக அவருடைய அளவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போயிருக்கிறது. அதிலும் சாப்பாடு இறங்காத உடம்பு.

இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எல்லா அட்டையையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை, மூன்று நாளாக எந்தெந்த மணிக்கு என்ன கொடுத்தீர்கள், கடைசி வேளை எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரே தடவையில் நிறைய விழுங்கியவர்களுக்கு ரத்தத்தில் உள்ள பாரசிட்டமால் அளவையும் நேரத்தையும் ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியவர்களுக்கு அந்த வரைபடம் பொருந்தாது. அதனால் ‘அளவு குறைவாகத்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், ‘மூன்று நாளாகக் கூடியது’ என்று அழுத்திச் சொல்லுங்கள். கல்லீரல் என்சைம், ரத்தம் உறையும் நேரம் இரண்டும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்தைச் சொட்டாக ஏற்றுவார்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினாலும் போனதில் நஷ்டமில்லை.

பழைய கை: இப்படிப் பயமுறுத்த வேண்டாம். கல்லீரல் கெட்டால் கண் மஞ்சளாகும், வாந்தி வரும், அப்போது போனால் போதும். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

கண் மஞ்சளாகும் என்பது சரி. அப்போது போனால் போதும் என்பதுதான் ஆபத்து. முதல் நாள் பெரும்பாலும் குமட்டல் மட்டும் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. அந்தக் குமட்டலையும் காய்ச்சல் கணக்கில் எழுதிவிடுவோம். என்சைம் ஏறுவதும் வலது விலாவுக்குக் கீழே வலிப்பதும் அடுத்த ஓரிரு நாளில்தான். ஒரே தடவையில் அதிகம் விழுங்கியவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் அந்த முறிவு மருந்தை ஏற்றினால் கல்லீரலை ஏறக்குறைய முழுசாகக் காப்பாற்றலாம். மஞ்சள் தெரியும்போது அந்த நேரம் எப்போதோ போயிருக்கும்.

ஏன் இப்படி என்றால், பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தொந்தரவில்லாமல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சிறு பங்கு மட்டும் ஒரு நச்சுப்பொருளாக மாறும். குளூட்டத்தியோன் என்ற ஒன்று அதை உடனே பிடித்துக் கட்டிவிடும். மருந்து கூடினால் நச்சும் கூடும். பட்டினி கிடந்தால் குளூட்டத்தியோன் குறையும். கட்ட ஆளில்லாத நச்சு கல்லீரல் செல்லையே தாக்குகிறது. அசிட்டைல்சிஸ்டீன் அந்தக் குளூட்டத்தியோனை மறுபடி உண்டாக்க உதவுகிறது.

இரவு ஷிஃப்ட் செவிலி: மேடம், 4 கிராம் என்று ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? 3 என்றே சொல்லலாமே. அமெரிக்காவில் ஒரு கம்பெனி 2011லேயே தன் 500 மில்லிகிராம் மாத்திரை அட்டையில் 3000 ஆகக் குறைத்துவிட்டது.

கணக்கு வாத்தியார்: அது கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது. 4 கிராம் என்பது இன்னும் பெரும்பாலான வழிகாட்டிகளில் இருக்கிறது. வரம்பைக் குறைத்தால் வலி தாங்காமல் வேறு மாத்திரைக்குப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2006இல் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்காவது கல்லீரல் என்சைம் இயல்பின் உச்சத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது. யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை. அந்த ஏற்றம் உண்மையான சேதமா, கல்லீரல் பழகிக்கொள்ளும் அடையாளமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நான் எப்படிச் சொல்வேன் என்றால், நன்றாகச் சாப்பிடும், எடையுள்ள ஆளுக்கு இரண்டு மூன்று நாள் 4 வரை போகலாம். வாரக்கணக்கில் போடுபவருக்கும் மெலிந்தவருக்கும் 3ஐத் தாண்ட விடமாட்டேன்.

இரவு ஷிஃப்ட் செவிலி: 4 என்று சொன்னால் சனம் 5 போடும். 3 என்று சொன்னால் 4இல் நிற்கும். நான் பார்த்தவரை அப்படித்தான்.

கணக்கு வாத்தியார்: அது மருந்தியல் இல்லை, பேரம்.

பேரத்தை நீங்கள் இருவரும் தனியாகத் தொடருங்கள். ஒன்று மட்டும், 3ஆ 4ஆ என்று சண்டை போடுபவர்கள் யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. இரண்டு அட்டையிலும் ஒரே மருந்து என்று தெரியாதவர்கள்தான் வருகிறார்கள்.

மழைக்காதலி: என் மூணு வயசுக் குழந்தைக்கு எத்தனை மில்லி?

குழந்தைக்கு எடையை வைத்துத்தான் அளவு, சிரப்பின் செறிவும் மாறும். குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

சனிக்கிழமை: குடித்துவிட்டு ஒன்று போடலாமா?

எப்போதாவது ஒரு நாள் கொஞ்சம் குடித்தவர் சாதாரண அளவில் போடுவது பெரிய சிக்கல் இல்லை. தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் நச்சு உண்டாக்கும் என்சைம் கூடியிருக்கும், குளூட்டத்தியோன் குறைந்திருக்கும். அப்படியானால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி அளவு கேளுங்கள். அவர் 2 கிராமோடு நிறுத்தச் சொல்லலாம்.

வேகநடை: எட்டு மாத்திரை போடலாம்னு சொன்னீங்களே, சளி மாத்திரையையும் சேர்த்து எட்டா?

எட்டு என்ற எண்ணையே மறந்துவிடுங்கள், ஐயா. முதல் பதிலைப் படியுங்கள். அப்புறம் அட்டையைத் திருப்புங்கள்.

கால்வலி: பாரசிட்டமாலோடு ஐபுபுரூஃபன் போட்டால் இரட்டிப்பாகுமா?

இல்லை, வேறு மருந்து. ஆனால் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையும் விற்கிறது, அதனால் மறுபடி அட்டைதான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஐபுபுரூஃபனை நீங்களாகத் தொடாதீர்கள்.

நீலக்குடை: அக்கா, வந்துவிட்டோம். மூணு நாள் கணக்கு எழுதின தாளை டாக்டர் வாங்கிக்கொண்டார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் வரும் முன்னாடியே சொட்டு ஏற்றுகிறார்கள். இது மோசமான அறிகுறியா?

இல்லை. பல நாளாகக் கூடியவர்களுக்குக் காத்திருக்காமல் தொடங்கிவிடுவார்கள், ரிசல்ட் சரியாக இருந்தால் நிறுத்தலாம். ஏறும்போது முகம் சிவந்தாலோ அரிப்பு வந்தாலோ செவிலியைக் கூப்பிடுங்கள், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். என்சைம் எவ்வளவு என்று வந்ததும் இங்கே எழுதுங்கள்.