பம்ப் நின்றாலும் நிற்காத தண்ணீர்

கேள்வி: ஐயா, வீட்டில் மூன்றடித் தொட்டியில் ஏஞ்சல் மீன் பொரிக்க வைத்து விற்கிறன். சோளகம் வீசத் தொடங்கினதும் தண்ணி நாளுக்கு அரை சென்ரிமீற்றர் இறங்குது. அலுமாரிக்கு மேல 20 லீற்றர் கான் வைச்சு, மிதவை சென்சரும் 12 வோல்ற் பம்பும் பூட்டினன். மட்டம் வந்ததும் பம்ப் நிக்குது, தண்ணி நிக்குதில்லை. விடியப் பார்த்தால் தரையெல்லாம் வெள்ளம். சென்சர் பழுதோ?
(கோண்டாவில் வாசகர்)

பதில்: தம்பி, சென்சர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பிழை கான் இருக்கும் இடத்தில். மோட்டார் சைக்கிளில் ரியூப் விட்டு, ஒருமுறை உறிஞ்சிவிட்டால் பெற்றோல் தானாக இறங்குமே, இங்கும் அதுதான் நடக்கிறது. பம்ப் ரியூப்பை நிரப்பிவிட்டது. சின்ன பம்புகளுக்குள் தண்ணீரை மறிக்கும் வால்வு கிடையாது. அதனால் மேலே இருக்கும் கான் வெறுமையாகும்வரை ஒழுகும். பம்ப் ஓடி நின்றதும் பிளக்கைக் கழற்றிவிட்டு ரியூப்பின் நுனியைப் பாருங்கள், தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

கானைத் தரையில் இறக்கி வையுங்கள். பம்ப் அதற்குள் தண்ணீரில் மூழ்கி இருக்கட்டும். அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றக்கூடிய பம்ப்தானா என்று பெட்டியில் பாருங்கள். ரியூப்பின் நுனி தொட்டித் தண்ணீரைத் தொடாமல் இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். நுனி மூழ்கினால் பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் கானுக்குத் திரும்பி இறங்கும், மட்டம் குறைந்து பம்ப் மறுபடி ஓடும்.

20 லீற்றர் கான் உங்களுக்குப் பெரிது. 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலமுள்ள தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 4 லீற்றர். நாளுக்கு உங்களுக்குத் தேவை 2 லீற்றர்தான். 10 லீற்றர் கான் ஐந்து நாளைக்குக் காணும். சென்சர் இறுகி முழுக் கானும் ஏறினாலும் மட்டம் இரண்டரை சென்ரிமீற்றர்தான் உயரும். விளிம்பிலிருந்து நான்கு சென்ரிமீற்றர் இடம் விட்டால் தரை நனையாது.

சென்சர் இறுகுவதும் நடக்கும். சென்சருக்குள் இருக்கும் மெல்லிய தொடுகைகள் பம்பின் கரண்டை நேரே தாங்காமல் ஒட்டிப்போகலாம். இடையில் ஒரு ரிலே போடுங்கள். பாசியும் நத்தையும்கூட மிதவையைப் பிடித்துவிடும், கிழமைக்கு ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள்.

கானுக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கும். ஒவ்வொரு நாளும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அவை கூடிக்கொண்டே போகும். ஏஞ்சல் மென்னீர் மீன், முட்டை பொரிப்பதில்தான் முதலில் அடி விழும். மாரியில் சேமித்த மழைநீர் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள்.

தண்ணீர் மாற்றும் நாளில் மட்டும் முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் மட்டம் இறங்கியதும் பம்ப் ஓடி, கானில் உள்ளதையெல்லாம் தொட்டிக்குள் தள்ளிவிடும்.