திங்கட்கிழமை வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் வங்கிக் கிளை ஒன்றில் உதவி மேலாளர். பர்ன் அவுட் என்று சொல்லி டாக்டர் 6 வாரம் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தார். வரும் திங்கட்கிழமை டியூட்டியில் சேரணும். படபடப்பு இருக்கிறது (இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல்). முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நெட்டில் பார்த்தால் கார்டிசால் ஏறியிருக்கும், அட்ரினல் சோர்ந்துபோயிருக்கும் என்று போட்டிருக்கிறது. டெஸ்ட் எடுக்கவா? லீவுக்கு முன்னால் வண்டியில் போகும்போது, லாரி வந்து இடித்தால்கூட நல்லது, கொஞ்ச நாள் படுத்திருக்கலாம் என்று தோன்றும். சும்மா ஒரு நினைப்புதான். தூக்கத்துக்கு, தெரிந்த மெடிக்கலில் அல்பிரசோலம் 0.5 வாங்கித் தினமும் போடுகிறேன், 5 வாரமாக. ஞாயிறு இரவோடு அதை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். ஞாபக மறதிதான் பயமாக இருக்கிறது. கடன் ஃபைலில் தப்பாக அப்ரூவல் போட்டால் என் தலையில்தான் விழும். கிளைச் சாவியும் என்னிடம்தான், காலையில் திறந்து இரவு நான்தான் பூட்டணும். பேசாமல் ராஜினாமா செய்துவிடவா?
— ஒரு வாசகி, ஈரோடு

மருத்துவர் பதில்:

முதலில் அந்த லாரி நினைப்பு. அதைச் 'சும்மா' என்று தள்ளிவிடாதீர்கள். அளவுக்கு மீறிக் களைத்துப்போன பலருக்கு இப்படித் தோன்றுவது உண்டு. சாக வேண்டும் என்பதைவிட, யாரும் குறை சொல்ல முடியாத ஓர் ஓய்வு வேண்டும் என்ற தவிப்பு அது. அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பட்டியலிட்டதில் நான் உட்கார்ந்து விசாரிக்கும் ஒரே விஷயம் அதுதான்.

எனக்குத் தெரிய வேண்டியது, லீவு எடுத்த பிறகும் அது வருகிறதா என்பது. லீவு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் அந்த நினைப்பு தானாக மறைந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் தோழியோடு போனில் பேசுவதும் பழையபடி பிடிக்க ஆரம்பித்திருந்தால், உங்களை வருத்தியது பெரும்பாலும் வேலைதான். அப்படியில்லாமல், அலுவலகமே இல்லாத இந்த 6 வாரத்திலும் எதிலும் மனம் ஒட்டவில்லை, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை, 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது' என்று தோன்றுகிறது என்றால், அதற்குப் பெயர் பர்ன் அவுட் இல்லை. மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரெஷன். அதற்கு லீவு மருந்தாகாது, சிகிச்சை வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் சேரும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். நினைப்பு என்பதைத் தாண்டி 'எப்படிச் செய்வது' என்ற யோசனை ஒருமுறை வந்திருந்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

இந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் பர்ன் அவுட்டைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்த ஒரு நிலை என்றே குறித்திருக்கிறது. சக்தியெல்லாம் வடிந்துபோவது, வேலையின் மேலேயே ஒரு வெறுப்பும் விலகலும் வருவது, செய்கிற வேலை சரியாக வராமல் போவது என்று அதற்கு மூன்று அடையாளங்கள். வேலையிலிருந்து வந்ததை வேலையில்தான் சரிசெய்ய முடியும். மூளையில் வந்திருக்கும் டிப்ரெஷனுக்கு, ஆபீசில் சீட்டை மாற்றிப் போட்டுப் பயனில்லை.

அடுத்து மாத்திரை. இதில் எனக்குக் கோபமே வருகிறது, உங்கள் மேல் கொஞ்சம், அந்த மெடிக்கல் கடைக்காரர் மேல் நிறைய. அல்பிரசோலம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. 5 வாரம் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். இப்போது நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைப் பாருங்கள். ஞாயிறு இரவோடு டக்கென்று நிறுத்துகிறீர்கள். திங்களும் செவ்வாயும் தூக்கம் சுத்தமாக வராது, கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியர்க்கும். அது மாத்திரையை நிறுத்தியதால் வருவது. ஆனால் நீங்கள் 'ஆபீசுக்குள் கால் வைத்ததுமே வந்துவிட்டது, இந்த வேலை எனக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டி, புதன்கிழமை ராஜினாமா எழுதிவிடுவீர்கள். சிலருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரும். எனவே நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டவும் வேண்டாம். லீவு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, 5 வாரமாகப் போடுவதை மறைக்காமல் சொல்லுங்கள். பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்.

உங்கள் மறதிக்கும் இந்த மாத்திரைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. புதிதாகக் கேட்பதும் பார்ப்பதும் மனதில் பதிவதை இந்த வகை மருந்துகள் மந்தப்படுத்தும். நேற்று யாரிடம் என்ன பேசினோம், கேஸை அணைத்தோமா, இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டோமா என்ற தடுமாற்றமெல்லாம் இதனால் வரும். போதாததற்குப் பல மாதத் தூக்கக் கடன் வேறு. உங்கள் வயதில், இந்தப் பின்னணியில், இது மறதி நோயின் தொடக்கமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று: களைப்பும் தூக்கமும் சரியான பிறகும் கவனம் திரும்ப இன்னும் சில மாதங்கள் ஆகலாம். அதை எதிர்பார்த்துத்தான் முதல் மாத வேலையை அமைக்க வேண்டும். மாத்திரை போட்ட மறுநாள் காலையில் மப்பாக இருந்தால் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள்.

படபடப்புக்கு எல்லாம் பார்த்தாயிற்று, விடுங்கள். முடி, உடம்போ மனமோ பட்ட அடிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், திரும்ப முளைக்கும். ஹீமோகுளோபினும் பி12-ம் பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பாருங்கள், அது போதும். அட்ரினல் சோர்வு என்று மருத்துவத்தில் ஒரு நோயே கிடையாது. அந்தக் கார்டிசால் கிட்டில் பணத்தைப் போடாதீர்கள், அதோடு சேர்த்து விற்கும் பொடிகளையும் வாங்காதீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். திங்கட்கிழமை சேராதீர்கள், புதன் அல்லது வியாழன் சேருங்கள். முதல் வாரம் சில நாளிலேயே முடிந்து ஓய்வு வந்துவிடும். அந்த வாரம் மாதக் கடைசியாகவோ காலாண்டுக் கடைசியாகவோ இருந்தால் இன்னும் ஒரு வாரம் லீவை நீட்டுங்கள். டார்கெட் முடிக்கும் வாரத்தில் ஒருவரைத் திரும்ப இறக்கிவிடுவது சிகிச்சையைக் கெடுக்கும் காரியம்.

எதை மாற்றுவது என்பதற்கு, லீவுக்கு முந்தைய ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து இரவு வரை தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். உங்கள் கடிதத்தை வைத்தே எழுதினால் இப்படி வரும்: ஒன்பது மணிக்குள் கிளையைத் திறக்கணும், பகலெல்லாம் ஃபைலும் வாடிக்கையாளரும், மாலையில் கேஷ் கணக்கு முடிந்து சேஃப் பூட்டும்வரை கிளம்ப முடியாது. உங்கள் வேலை மாலை ஆறு மணிக்கே முடிந்திருந்தாலும், கேஷியருக்கு எட்டு மணி ஆனால் உங்களுக்கும் எட்டு மணிதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். வங்கிக்காரர்கள் பலர் என்னிடம் 'வேலைப்பளு' என்றுதான் சொல்லி வருவார்கள். விசாரித்தால் வேலையின் அளவைவிட, தன் நேரம் தன் கையில் இல்லாததுதான் அவர்களை உடைத்திருக்கும். உங்களுக்கு அந்தச் சாவி.

அதனால் முதல் மாற்றமாக அதைக் கேளுங்கள். கூட்டுச் சாவிப் பொறுப்பை இன்னோர் அதிகாரிக்கு மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது கிளைகளில் வழக்கமாக நடப்பதுதான், டிரான்ஸ்ஃபர் வரும்போதெல்லாம் செய்கிறார்கள். உங்கள் பயத்துக்கும் அங்கேயே வழி இருக்கிறது. பதிவு செய்பவர் ஒருவர், சரிபார்த்து அனுமதிப்பவர் இன்னொருவர் என்றுதானே வங்கி நடக்கிறது? முதல் 4 வாரம் நீங்கள் பதிவு செய்யும் பக்கத்தில் இருங்கள், கடைசி அப்ரூவலை வேறொருவர் போடட்டும். உங்கள் கவனம் தடுமாறினாலும் பிடிக்க ஆள் இருக்கும்.

இவற்றை வாய்வார்த்தையாக மேலாளரிடம் கேட்டால் 'பார்க்கலாம் மேடம்' என்பார், அதோடு முடிந்துபோகும். சேரும்போது எப்படியும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டுமே, அதிலேயே டாக்டரை எழுதச் சொல்லுங்கள்: 'பணிக்குத் திரும்பத் தகுதி உள்ளவர். முதல் 4 வாரம் குறைந்த பணிப்பொறுப்பு, மாலை 6 மணிக்குமேல் பணி வேண்டாம், கூட்டுச் சாவிப் பொறுப்பு வேண்டாம். 4 வாரத்துக்குப் பின் மறுபரிசோதனை.' நோயின் விவரம் அதில் தேவையில்லை. வங்கி இதை ஏற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காகிதத்தில் வந்ததை மறுக்க ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதனாலேயே பெரும்பாலும் நடந்துவிடும். இரவு வாட்ஸ்அப் குரூப், இன்சூரன்ஸ் டார்கெட் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பாதீர்கள். நாலைந்தைக் கேட்டால் எதுவும் கிடைக்காது, கிடைத்தாலும் எது உங்களுக்குப் பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? சேர்ந்த புதிதில் மாலையில் துவண்டு விழுவீர்கள், முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும், கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்றாவது வாரத்தில் மூன்றைப் பாருங்கள். விடியற்காலை விழிப்பு திரும்பியிருக்கிறதா? கவுன்ட்டரில் வந்து நிற்கிற வயதானவரைப் பார்த்ததும் எரிச்சல் வருகிறதா? இரண்டு நாள் விடுமுறை முடிந்தும் களைப்பு அப்படியே இருக்கிறதா? இதில் இரண்டு இருந்தால் நாலாவது வாரம் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். லாரி நினைப்பு திரும்ப வந்தால் எண்ணிக்கையே பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

ராஜினாமாவை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். வேலையை விடுவது தப்பு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனம் இருண்டிருக்கும்போதும் மாத்திரை மயக்கத்திலும் எடுக்கும் முடிவில் உங்கள் விருப்பம் எது, நோய் பேசுவது எது என்று பிரிக்க முடியாது. மாத்திரை குறைந்து, சாவி கைமாறி, தூக்கம் வந்து, அதன்பிறகும் அந்தக் கிளைக்குள் நுழையவே மனம் கூசுகிறது என்றால் அது வேறு விஷயம். முதலில் வேறு கிளைக்கோ, மக்கள் வந்து நிற்காத பிரிவுக்கோ மாற்றம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் விட்டுவிடலாம், நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

நாளைக்கே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். மாத்திரை அட்டை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், அந்த ஒரு நாளை எழுதிய தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். லாரி நினைப்பை உட்கார்ந்ததும் முதலில் சொல்லுங்கள், கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லாதீர்கள்.