சன்னல் கண்ணாடியும் சின்னச் சீட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. தத்துவ அறிஞர் ரூசோவைப் படித்த பிறகு அவனை எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். வீட்டிலேயே வளர்கிறான். மரம் ஏறுகிறான், தோட்டத்தில் மணிக்கணக்காக மண்ணைக் கிளறுகிறான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. கூப்பிட்டால் வேண்டாம் என்று ஓடிவிடுகிறான். நாங்கள் தலையிடுவதே இல்லை. மாமியார் தினமும் திட்டுகிறார். பெற்ற ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதியில் விட்டவரா உனக்கு வழிகாட்டி என்று அண்ணன் கேலி செய்கிறான். தானாக ஆர்வம் வரும்வரை காத்திருக்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

அண்ணன் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு யோசனை சரியா தவறா என்பதை அதைச் சொன்னவரின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மாமியார் விவகாரத்துக்குள் நான் வரவில்லை.

‘நாங்கள் தலையிடுவதே இல்லை’ என்ற வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இதை எங்கிருந்து பிடித்தீர்கள்? பிள்ளை வளர்ப்பு பற்றி ரூசோ 1762இல் எழுதிய ‘எமில்’ நூலில் இது இல்லை. அதன் இரண்டாம் பாகத்தில் வரும் சன்னல் கண்ணாடியை நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஒரு பையன் தன் அறைச் சன்னலின் கண்ணாடியை உடைக்கிறான். திட்டாதே, உடனே மாற்றவும் செய்யாதே என்கிறார் ரூசோ. இரவும் பகலும் காற்று உள்ளே வீசட்டும், சளி பிடித்தாலும் பரவாயில்லை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதுவரைதான். கதை இன்னும் இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, ஒன்றும் பேசாமல் புதுக் கண்ணாடி போடுகிறார்கள். பையன் அதையும் உடைக்கிறான். இப்போது முறை மாறுகிறது. “சன்னல் என்னுடையது, அதை நான் காப்பாற்றிக்கொள்வேன்” என்று கோபமில்லாமல் சொல்லி, அவனைச் சன்னலே இல்லாத இருட்டறையில் அடைக்கிறார்கள். கத்துகிறான், யாரும் காதில் வாங்குவதில்லை. பிறகு அழுது கெஞ்சுகிறான். வேலையாள் ஒருவர் வருகிறார். திறந்துவிடச் சொன்னால், “எனக்கும் காப்பாற்ற வேண்டிய சன்னல்கள் உண்டு” என்று போய்விடுகிறார். பல மணி நேரம் கழித்து, ஒப்பந்தம் பேசிப் பாரேன் என்று யாரோ அவனுக்கு யோசனை சொல்கிறார்கள். இனி உடைக்கமாட்டேன் என்கிறான். கதவு திறக்கிறது.

இதில் எத்தனை பெரியவர்கள் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுங்கள். முதல் கட்டத்தில் குளிர்காற்று பாடம் நடத்தியது. மூன்றாம் கட்டத்தில் நடப்பது நாடகம். வேலையாளுக்கு வசனம்கூட எழுதித் தந்திருக்கிறார்கள். ரூசோ இதை மறைக்கவும் இல்லை. தானே எசமான் என்று பிள்ளை எப்போதும் நம்பட்டும், உண்மையான எசமானாக நீ இரு என்று அதே பாகத்தில் வெளிப்படையாக எழுதுகிறார். நூலில் வரும் கற்பனைச் சிறுவன் எமிலைத் தனியாக வளர்க்க ஓர் ஆசிரியர் தன் இளமை முழுவதையும் கொடுக்கிறார். கட்டளையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஏற்பாடு வர வேண்டும். நீங்கள் கட்டளையை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். அதற்கு இயற்கைக் கல்வி என்று பெயர் சொன்னால் மனுஷருக்குக் கோபம் வந்திருக்கும்.

இந்த முறைக்குப் பலம் இல்லையென்று நான் சொல்லவில்லை. மதியம் சாப்பிடமாட்டேன் என்று எழுந்து போன பிள்ளைக்கு மூன்று மணிக்குப் பசிக்கும். நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. விளைவு சீக்கிரம் வருகிறது, சிறியதாக இருக்கிறது, செய்தவனையே சேர்கிறது. இந்த மூன்றும் இருந்தால் விலகி நில்லுங்கள். ஆனால் “அப்பவே சொன்னேனா இல்லையா” என்று வாய் திறந்தீர்களோ, பசி போய்விடும், நீங்கள்தான் தண்டனையாகி நிற்பீர்கள். அது நடந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது. பிள்ளை தட்டைப் பார்க்கிறதா, உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் முறை படுத்துவிடும். சொத்தைப் பல் வலிக்க ஆண்டுகள் ஆகும். சாலையில் ஓடினால் விளைவு சிறியதாக இராது. தங்கையைக் கடித்தால் வலிப்பது தங்கைக்கு.

இந்த மூன்றாவதில்தான் ரூசோ காலத்துக் கண்டுபிடிப்பாளர் ரிச்சர்ட் லவல் எட்ஜ்வொர்த் மாட்டிக்கொண்டார். 1764இல் பிறந்த தன் மூத்த மகனை அப்படியே ‘எமில்’ வழியில் வளர்த்தவர் அவர். காலுறை கிடையாது, கையும் காலும் வெறுமையாக, வெயிலிலும் குளிரிலும் ஓட விட்டார். பையன் திடமாக, அஞ்சாதவனாக, கெட்டிக்காரனாகவே வளர்ந்தான். பாரிசுக்குக் கூட்டிப்போய் ரூசோவிடமே காட்டினார். ரூசோ பையனோடு நடந்துவிட்டு வந்து, புத்திசாலிதான், ஆனால் நல்ல குதிரை, நல்ல வண்டி எதைப் பார்த்தாலும் அது இங்கிலாந்துடையது என்கிறான் என்று குறை சொன்னாராம். இயற்கையாக வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பெருமிதம் எங்கிருந்து வந்தது? வீட்டுப் பேச்சிலிருந்துதான். நாம் தலையிடாத இடத்தில் காற்று மட்டும் வீசுவதில்லை. பிறகு பையன் யாருக்கும் கட்டுப்படவில்லை, அடுத்தவரைப் பொருட்படுத்தவில்லை என்று தந்தையே தன் நினைவுக்குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். பையன் கடலுக்குப் போய்விட்டான். தன் மற்றப் பிள்ளைகளிடம் எட்ஜ்வொர்த் இதைச் செய்து பார்க்கவில்லை.

உங்கள் மகனின் படிப்புக்கு வருகிறேன். பேச்சு, பேசுகிறவர்கள் நடுவில் இருந்தாலே வந்துவிடும். எழுத்து மனிதர்கள் செய்த கருவி, அப்படி வராது. ‘கை’ என்ற எழுத்தைப் பாருங்கள். பிள்ளை கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது ககரம். இதை எந்த மரத்தில் ஏறியும் அவன் கண்டுபிடிக்க முடியாது, யாராவது சொல்ல வேண்டும். ஆர்வம் கதவைத் திறக்கும், சரி. உள்ளே எதுவும் வைக்காமல் திறந்து என்ன பயன்?

ரூசோவின் வழியையே பிடியுங்கள். எமிலுக்கு அழைப்புச் சீட்டுகள் வரும், விருந்துக்கு, உலாவுக்கு, படகில் போக. படித்துச் சொல்ல ஆள் கிடைப்பதற்குள் நேரம் கடந்துவிடும். அடுத்த சீட்டை அவனே முட்டி மோதிப் பாதி படிப்பான். நாளைக்குப் பாலாடை சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும், எங்கே, யாரோடு என்பது தெரியாது. சில சமயம் உதவி கிடைக்கிறது, சில சமயம் மறுக்கிறார்கள் என்கிறார். உதவி என்ற சொல்லைக் கவனியுங்கள்.

தினமும் பத்து நிமிடம் எழுத்து சொல்லிக்கொடுங்கள், அவன் ஓடினாலும். ப, ட, ம, வ, ல ஐந்தும், அவற்றின் புள்ளியும், காலும் கொக்கியும் தெரிந்த அன்று ‘பட்டம் விடலாம் வா’ என்று சீட்டெழுதி அவன் தலையணையில் வையுங்கள். ‘மாலை’ என்று சேர்த்துவிடாதீர்கள், அந்தக் கொம்பு பிறகு வரட்டும். சீட்டில் உள்ளதை வாயால் சொல்லிவிடவும் வேண்டாம். நேரம் தப்பினால் அன்று பட்டம் இல்லை, அவ்வளவுதான். காற்றடிக்கும் நாளாகப் பாருங்கள்.

மூன்று நான்கு மாதம் இப்படி விடாமல் செய்தும் நேற்றைய எழுத்து இன்று நிற்கவில்லை என்றால், கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கல் இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். சொல்லியே கொடுக்காத பிள்ளைக்கு விருப்பம் இல்லையா, முடியவில்லையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.