படுக்கை 14: “எனக்கு என்ன வருத்தம், மகள்?”

தாதிய மாணவர்களுக்கு மட்டக்களப்பில் கொடுத்த கேஸ் இது. வாகரைப் பக்கத்து விவசாயி, 64 வயது. இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வருவதால், அடைப்பைத் தாண்டி உணவு போக ஒரு சத்திரசிகிச்சைக்கு ஏற்பாடாகிறது. அட்மிட் ஆன முதல் நாள் மறதியாகத் தடுமாறினார் என்றும் கேஸில் இருக்கிறது. மகன், “அப்பாவுக்கு அல்சர் எண்டு சொல்லுங்க” என்று கேட்டு, சம்மதப் பத்திரத்திலும் தானே கையெழுத்து வைத்துவிட்டார். இரவு 2 மணிக்கு நோயாளி மாணவியின் கையைப் பிடித்து, “எனக்கு என்ன வருத்தம், மகள்?” என்கிறார். 22 வருடம் வார்டில் நின்று, இப்போது படிப்பிக்கிற டீச்சர் பதில் சொல்கிறார்.

“டீச்சர், ‘டொக்டரக் கேளுங்க’ எண்டு சொன்னா போதாதா?” (இரண்டாம் வருட மாணவி, களுவாஞ்சிக்குடி)

போதாது மகள். அந்த நேரத்தில் டொக்டர் எங்கே? நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்பது மட்டும்தான் அவருக்கு விளங்கும். அதற்காக நோயின் பெயரை நீங்கள் முதலில் சொல்லவும் கூடாது. அடுத்த கேள்வி “எவ்வளவு காலம்? ஒபரேசன் செய்தா சுகமாகுமா?” என்று வரும். அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருங்கள். “உங்களுக்கு என்ன எண்டு நீங்க நினைக்கிறீங்க, ஐயா?” என்று கேளுங்கள். சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்த மனிதர், பாதி அறிந்துதான் இருப்பார். பிறகு, “முழு விபரமும் உங்களுக்கே தெரிய வேணுமா, மகனோட கதைச்சாப் போதுமா?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, நேரம் போட்டு, பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதுங்கள். காலையில் கடமை மாறும்போது சொல்லிக்கொடுங்கள். டொக்டர் கதைக்கும்போது பக்கத்தில் நிற்பேன் என்று, நிற்க முடிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

நான் புதுசில் ஒரு ஐயாவிடம், “ஒண்டுமில்ல, புண்தான்” என்று சொன்னேன். நாலாம் நாள் அவரை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கடிதம் வந்தது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் நம்மட சனத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதற்குப் பிறகு, “இது வெறும் சேலைன்தான்” என்று நான் சொன்னதையும் அவர் நம்பவில்லை. காணி உறுதியை மகளுக்கு எழுத நினைத்திருந்தாராம். அதற்கு நாள் கிடைக்கவில்லை.

“உண்மை நோயாளிட உரிமை. மகனுக்கு இதில கதையே இல்ல. அப்பவே சொல்லிர வேணும்.” (மாணவர், கல்முனை)

முதல் வசனம் சரி. ஆனால் தெரியாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. “எல்லாம் மகன் பாப்பான், எனக்கு வேண்டாம்” என்று அவரே சொன்னால் அது அவருடைய தீர்மானம். அவரைக் கேட்காமல் மகன் சொன்னால் அது மகனுடைய தீர்மானம். பிழை நடந்தது 2 மணிக்கு அல்ல. ரிப்போட் வந்த அன்று, அவரைக் கேட்காமலே விறாந்தையில் மகனிடம் முதலில் சொன்னார்களே, அங்கேதான். மகனோடு சண்டை பிடிக்காதீர்கள். “சொன்னா என்ன நடக்கும் எண்டு பயப்படுறீங்க?” என்று கேளுங்கள். அந்தப் பயத்தைத்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

“அவருக்கு மறதி எண்டு கேஸில இருக்கே மிஸ், அப்ப மகன் சைன் வைக்கலாம்தானே?”

திரும்ப வாசியுங்கள். தடுமாறியது அட்மிட் ஆன முதல் நாள். வாந்தியால் உடம்பில் நீரும் உப்பும் குறைந்திருந்தது. சேலைன் ஏறிய பிறகு தெளிவாகக் கதைக்கிறார். சொன்னதை விளங்கி, மனதில் வைத்து, நல்லது கெட்டதை யோசித்து, முடிவைச் சொல்ல முடிகிறதா என்பதை அந்த முடிவை எடுக்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். அவருக்கு முடிகிறது. ஆகவே மகனின் கையெழுத்து அவருடைய சம்மதம் ஆகாது. தியேட்டருக்கு அனுப்புமுன் இதை டொக்டரிடம் சொல்லி நிறுத்துவது உங்கள் வேலை.

“எங்கட வாப்பாக்கு நாங்க கடைசி வரைக்கும் சொல்லல்ல. மௌத்தாகி மூணு வருஷம். பிழை செஞ்சிட்டமா?” (அக்கரைப்பற்று)

உங்கள் வாப்பா கேட்டாரா, கேட்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது, தங்கச்சி. கேட்காமலே எல்லாம் விளங்கி, பிள்ளைகளுக்காகப் பேசாமல் இருந்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அன்பால் செய்ததற்கு நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

“பெரிய டொக்டரே ‘சொல்ல வேண்டாம்’ எண்டு எழுதியிருந்தா?”

இதில் எங்கள் டீச்சர்மாருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிலர் அந்த எழுத்தை மீறக்கூடாது என்பார்கள். நான் பொய் மட்டும் சொல்லமாட்டேன். நோயாளி கேட்டார் என்று எழுதி, வார்டு சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போவேன். அவர் அப்போதும் மறுத்தால், அடுத்த இரவு அந்தக் கட்டிலடியில் என்ன சொல்வது என்பதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.