தஃப் மட்டும் ஒலிக்கும் இரவுக்கு ஒரு பாட்டு

அஸ்ஸலாமு அலைக்கும். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பாட ஒரு தமிழ்ப் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். தஃப் மட்டும்தான், வேறு கருவி கிடையாது. “வானத்தில் பிறை பூத்த வசந்த இரவினிலே” என்று தொடங்குகிறது. வாசித்தால் நன்றாக இருக்கிறது. தஃபோடு பாடினால் கூட்டம் முதல் வரியிலேயே தடுமாறுகிறது. மெட்டை மாற்றுவதா, வரியை மாற்றுவதா? அடிக்கும் நடை: தும் தக் – தக் தும் – தக் –.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வஅலைக்கும் ஸலாம். வரியை மாற்றுங்கள். மெட்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் நடை அரபு நாடுகளில் மக்ஸூம் என்று சொல்லப்படுவது. எட்டு எண்ணிக்கை. விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தோலில் விழும் ‘தும்’ 1-லும் 5-லும் வருகிறது, விளிம்பில் விழும் ‘தக்’ 2, 4, 7-ல் வருகிறது. ஹார்மோனியமோ வேறு பக்கவாத்தியமோ இருந்தால் வரியின் குறைகளை அது மூடிவிடும். தஃப் மூடாது. தும் எந்த எழுத்தின் மேல் விழுகிறதோ அந்த எழுத்துதான் கூட்டத்தின் காதில் பெரிதாகக் கேட்கும். அதனால் இந்தப் பாட்டை எழுதுகிறவருக்கு முதல் வேலை, 1-லும் 5-லும் என்ன வைக்கிறோம் என்று பார்ப்பதுதான்.

உங்கள் வரியை எண்ணிப் பார்ப்போம். குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கும், மெய்யோடு சேர்ந்த குறிலுக்கும் இரண்டு. வா 1-2, னத் 3-4, தில் 5-6, பி 7, றை 8 (சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் குறுகும், அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம்). முதல் தும் ‘வா’வில் விழுகிறது, சரி. இரண்டாவது தும் ‘தில்’ என்ற உருபின் மேல் விழுகிறது. பொருளே இல்லாத இடத்தில் கூட்டம் ஓங்கிக் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த சுற்றில் பூத் 1-2, த 3, வ 4, சந் 5-6, த 7, இ 8. எட்டு முடிந்துவிட்டது, ‘இரவினிலே’ என்ற சொல்லோ இன்னும் முடியவில்லை. அதன் ‘இ’ ஒரு சுற்றின் வாலிலும் ‘ரவினிலே’ அடுத்த சுற்றின் தலையிலும் நிற்கின்றன. தும் ‘ர’வில் இடிக்கிறது. பாதிப் பேர் தஃபைக் கேட்டு ‘ர’வை அழுத்துவார்கள், மீதிப் பேர் சொல்லைக் காப்பாற்ற ‘இ’யை நீட்டுவார்கள். நீங்கள் சொல்லும் தடுமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும்.

பொருளிலும் இரண்டு சொற்களை மறுபடி யோசிக்கச் சொல்வேன். ஒன்று ‘வசந்தம்’. ரமளான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். பருவத்தின் பெயரை வைத்தால் சில ஆண்டுகளில் பாட்டு பொய் சொல்லத் தொடங்கும். இன்னொன்று ‘பிறை’. முதல் ஓரிரு நாள் பிறை மஃரிபுக்குப் பிறகு சற்று நேரத்தில் மறைந்துவிடும், தராவீஹ் முடியும்போது வானில் இருக்காது. மாத நடுவில் நிற்பது முழு நிலா. கடைசிப் பத்தில் நிலா உதிக்கவே நேரமாகும். பிறை பார்த்த அன்றைக்குத் தனியாக ஒரு பாட்டு வேண்டுமென்றால் அதற்கு இந்த வரி பொருந்தலாம். மாதம் முழுக்கப் பாடும் பாட்டுக்கு, எந்த இரவிலும் உண்மையாக இருப்பதை எடுங்கள்: பகலெல்லாம் காத்த பசி, தணிந்த தாகம், நின்று தொழுத கால்கள், கேட்கும் கை.

நான் எழுதியிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன். உங்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

தாகம் தீர்ந்தது
தாழ்ந்தது நெஞ்சம்

முதல் வரி: தா 1-2, கம் 3-4, தீர்ந் 5-6, த 7, து 8. இரண்டாவது வரி: தாழ்ந் 1-2, த 3, து 4, நெஞ் 5-6, சம் 7-8. நான்கு தும்மும் தா, தீர், தாழ், நெஞ் என்று சொற்களின் தலையிலேயே விழுகின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு சுற்றுக்குள் முடிகிறது. நோன்பு திறக்கும்போது ஓதும் துஆக்களில் ஒன்று “தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன” என்று தொடங்குவதால், கேட்கிறவர்களுக்கு அதன் சாயலும் கிடைக்கும்.

இதை ஒருவர் பாடட்டும். கூட்டத்துக்கு இதைவிடக் குறைவாகக் கொடுங்கள்:

யா ரஹ்மான்
யா ரஹீம்

முதலில் யா 1-2, ரஹ் 3-4, மான் 5-ல் தொடங்கி நீளும். அடுத்ததில் ‘யா’வை மூன்று எண்ணிக்கைக்கு நீட்டினால் ‘ர’ 4-ல் தக்கோடு சேர்ந்து விழும், ‘ஹீம்’ 5-ல் தும்மோடு இறங்கும். யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத அளவுக்கு அது தானாக அமரும். ‘மான்’, ‘ஹீம்’ இரண்டையும் 7-ல் நிறுத்திவிட்டு 8-ல் மூச்சு வாங்கச் சொல்லுங்கள். பகல் முழுக்க நோன்பிருந்து, நெடுநேரம் தொழுதுவிட்டு வந்தவர்களின் தொண்டை அது. மூச்சுக்கு இடம் எழுதி வைக்காவிட்டால், ஆளுக்கு ஓரிடத்தில் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சுற்று உடையும்.

சரணம் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. இந்த மாதத்தில் சொர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்படுகின்றன என்ற ஹதீஸை எடுத்து, “வாசல் திறந்தது” என்று எழுதத்தான் கை போகும். வா 1-2, சல் 3-4, தி 5, றந் 6-7, த 8. வரி எட்டில் முடியவில்லை, ‘து’ வெளியே தொங்குகிறது. தும் மெலிந்த ‘தி’யில் விழ, கனமான ‘றந்’ அடி இல்லாத 6-ல் வருகிறது. குறிலில் தொடங்கும் சொல்லே கூடாது என்றில்லை. ‘இரவே’ 5-ல் தொடங்கினால் இ, ர இரண்டும் 5, 6-ஐ நிரப்பிக்கொள்ளும், ‘வே’ 7-ல் தக்கோடு அழகாகச் சேரும். குறிலுக்கு அடுத்து உடனே கனமான அசை வரும் சொல்தான் தகராறு. அதனால் “வானின் வாசல், தாழ்கள் நீங்கின” என்று வைக்கலாம்: வா, வா, தாழ், நீங் என நான்கும் அடியில் விழும்.

மெட்டைப் பற்றி ஒன்று மட்டும். தஃப் சுருதி தராது, அதனால் பாடப் பாடக் குரல் மெல்லக் கீழே இறங்கும். கூட்டம் பாடும் பகுதியை ஐந்து சுரங்களுக்குள் வைத்து, முன்பாடுகிறவர் எந்தச் சுரத்தில் முடிக்கிறாரோ அதிலேயே கூட்டம் தொடங்கும்படி அமையுங்கள். அவர் ஒவ்வொரு சரணத்திலும் சுருதியைத் தூக்கிப் பிடிக்கலாம். வேகமும் கூடிக்கொண்டே போகும். ‘தாழ்ந்தது’ என்பது ‘தாந்தது’ என்று கேட்கத் தொடங்கினால் வேகம் மிஞ்சிவிட்டது என்று பொருள், தஃப்காரர் பிடித்து இழுக்க வேண்டும். தோல் தஃப் என்றால் ஈரக்காற்றில் தளர்ந்து தும்மும் தக்கும் ஒரே மாதிரி மொத்தென்று ஒலிக்கும். பாடுவதற்கு முன் மிதமான சூட்டில், நெருக்கமாக இல்லாமல், சற்று நேரம் காட்டி எடுங்கள்.

கடைசிச் சரணத்தைத் துஆவாக எழுதுங்கள், அங்கே தஃபை முழுதாக நிறுத்திவிடுங்கள். அடி இல்லாதபோது எட்டுக் கணக்கு தேவையில்லை, நீண்ட வாக்கியமாகக்கூட இருக்கலாம். உங்கள் ‘இரவினிலே’யை விட மனமில்லை என்றால் அதற்கான இடம் அதுதான்.